கல்யாண மண்டபத்துக்கு ஒரு நிமிட விளம்பரப் பேச்சு எழுதுவது எப்படி? வடசென்னை மண்டபக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபத்தைப் புதிதாக எடுத்து நடத்த வந்தவர்களும், மண்டபத்து ஆபீஸில் புக்கிங் பார்க்க உட்கார்ந்தவர்களும் முதலில் செய்யும் வேலை ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விடுவது. அதில் பெரும்பாலும் "பிரம்மாண்டமான, குளுகுளு வசதி கொண்ட, விசாலமான" என்று குரல் ஓடும். பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டு போன் செய்து கேட்பதோ வேறு நான்கு கேள்விகள். எத்தனை பேர் உட்காரலாம், வண்டி எங்கே விடுவது, சமையலுக்கு யாரை வைத்துக்கொள்ளலாம், அந்தத் தேதி காலியா? இந்த நான்குக்கும் ஒரு நிமிடத்துக்குள் நேராகப் பதில் சொல்லும் பேச்சை எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே விஷயம்.

எடுத்துக்காட்டுக்குத் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு நடுத்தர ஏ.சி. மண்டபத்தை வைத்துக்கொள்வோம். மேலே ஹால், கீழே சாப்பாட்டு ஹால், பின்பக்கம் சமையலறை, முன்பக்கம் கொஞ்சம் காலியிடம். இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட அமைப்புதான் அதிகம்.

எழுதுவதற்கு முன் அளவு. தமிழில் நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு 100 சொல்லைச் சுற்றித்தான் வரும். அதற்கு மேல் எழுதினால் படிக்கிறவர் ஓட்டமாக ஓடுவார், கேட்கிறவர் காதில் எண் நிற்காது. ஆகவே கேள்விக்கு 20 சொல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சம் இடத்தின் அடையாளத்துக்கும் கடைசி அழைப்புக்கும்.

முதலில் ஆள் கணக்கு

"1000 பேர் அமரலாம்" என்று ஒரே எண்ணைச் சொல்வதில்தான் தகராறு தொடங்குகிறது. மண்டபத்துக்கு மூன்று எண் உண்டு. ஹாலில் எத்தனை நாற்காலி, ஒரு பந்திக்கு எத்தனை பேர், ஒரு ரிசப்ஷனில் மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டுப் போக முடியும். மூன்றையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

நாற்காலியைச் சதுர அடிக் கணக்கில் போடாதீர்கள். நிஜமாகவே போட்டுப் பாருங்கள். நடுவில் மணமக்கள் நடந்து வர 4 அடி வழி, இரண்டு ஓரத்திலும் ஆள் போக வழி, மேடைக்கு முன் போட்டோக்காரர், வீடியோக்காரர் நிற்க இடம், பரிசு கொடுக்க வரிசை நிற்க ஒரு பக்கம், இவ்வளவும் விட்டபின் எத்தனை நாற்காலி வருகிறதோ அதுதான் எண். நம் மண்டபத்தில் 500 வருகிறது என்று வைப்போம். வரிசைக்குப் போகும் இடத்திலும் நாற்காலி போட்டு 580 என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் ரிசப்ஷன் அன்று மேடை ஏறும் வரிசை நின்றதும் அந்த 80 நாற்காலியும் மடக்கி ஓரத்தில் சாத்தப்படும்.

சாப்பாட்டு ஹாலில் இலைக்கு 2 அடிக்குக் குறையாமல் வேண்டும். பரிமாறுகிறவர் வாளியோடு வரிசைக்கு நடுவே போய்வர முடிகிறதா என்பதையும் ஒரு ஆளை வாளியோடு நடக்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். இங்கே 200 பேர் என்று கொள்வோம்.

இனி மூன்றாவது எண். ஆள் உட்கார்ந்து, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, மேஜை துடைத்து, மறுபடி இலை போட ரிசப்ஷன் சாப்பாட்டுக்கு 45 நிமிடம் ஆகும். 7.15-க்கு முதல் பந்தி போட்டால் 8.00, 8.45, 9.30 என்று நான்கு பந்தி. நான்காவது பந்தி முடிய 10.15 ஆகிவிடும். அதாவது 800 பேர். ஐந்தாவது பந்தி போட்டால் அது 10.15-க்குத் தொடங்கி 11 மணிக்கு முடியும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதால் கச்சேரி நின்றிருக்கும். மெட்ரோவும் 11 மணி வாக்கில் கடைசி வண்டியை முடித்துக்கொள்ளும். அந்த 200 பேர் பசியோடும் கோபத்தோடும்தான் சாப்பிடுவார்கள். ஆகவே 800-ல் நிறுத்துவதே நியாயம்.

இன்னொரு சரிபார்ப்பும் தேவை. இந்தப் பக்கத்து ரிசப்ஷன்களில் கூட்டம் 8-லிருந்து 9-க்குள் குவியும். கடையை மூடிவிட்டு, ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். அந்த நேரத்தில் ஒரே சமயம் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம்? மேலே 500, கீழே 200, மொத்தம் 700. முதல் பந்தி முடிந்து 200 பேர் கிளம்பியிருந்தால், 800 பேரில் மிச்சம் 600-தான். எல்லாருக்கும் உட்கார இடம் இருக்கும். 1000 பேரைக் கூப்பிட்டால் மிச்சம் 800 ஆகிவிடும். நூறு பேர் படிக்கட்டில் நிற்பார்கள்.

மிகைப்படுத்திச் சொன்னோமா என்று தெரிந்துகொள்ள ஒரு ரிசப்ஷன் அன்று 8.30-க்குச் சாப்பாட்டு ஹாலுக்குள் போய் நின்று பார்த்தால் போதும். சாப்பிடுகிறவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கைக்குழந்தையோடு, அடுத்த ஆள் நிற்கிறார் என்றால் உங்கள் மூன்றாவது எண் தவறு. மோர் ஊற்றுவதற்குள் இலையை மூடவேண்டிய நிலை. அந்த வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி ஊரார் பேசுவது அந்த ஒரு காட்சியைத்தான்.

பேச்சில் இப்படி வரட்டும்: "ஏ.சி. ஹால்ல ஐநூறு நாற்காலி. ஒரு பந்திக்கு இருநூறு பேர். எண்ணூறு பேர் வரைக்கும் நெரிசல் இல்லாம சாப்பிட்டுப் போகலாம்." எண்களை எழுத்தால் எழுதித்தான் படிக்கக் கொடுக்க வேண்டும். 800 என்று எழுதிக் கொடுத்தால் சிலர் அதை ஆங்கிலத்தில் படித்துவிடுவார்கள். திரையில் மட்டும் இலக்கமாகப் போடுங்கள்.

பார்க்கிங்: எல்லா வண்டியும் வெளியே வரமுடிகிற எண்

வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்தால் நம் மண்டப வாசலில் 32 கார் நிற்கும். ஆனால் உள்ளே மாட்டிய கார்க்காரர் 9 மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் மைக்கில் வண்டி எண் வாசிக்க வேண்டும். நாதஸ்வரத்துக்கு நடுவே "வெள்ளை ஸ்விப்ட் வண்டிக்காரர் உடனே வரவும்" என்று கேட்காத மண்டபம் இந்தப் பக்கம் குறைவு. யாரையும் எழுப்பாமல் ஒவ்வொரு காரும் வெளியே வரமுடிகிற மாதிரி நிறுத்தினால் 26 என்று வைப்போம். அதிலிருந்து நான்கைக் கழியுங்கள். சமையல்காரரின் பாத்திர வண்டி, டெகரேஷன் வண்டி, பாட்டுக் கச்சேரிக்காரர் வேன், மணமக்கள் கார் ஆகிய நான்கும் மாலை 4 மணிக்கே வந்து இடம் பிடித்துவிடும். விருந்தினருக்கு மிஞ்சுவது 22. பேச்சில் சொல்ல வேண்டிய எண் இதுதான். பைக்குக்கும் அதே மாதிரி நிறுத்திப் பார்த்து எண்ணுங்கள். வடசென்னையில் காரைவிட பைக்கில் வருகிறவர்கள்தான் அதிகம். பல மண்டபங்கள் அதைச் சொல்லவே மறந்துவிடுகின்றன.

வெளியூர் சம்பந்தம் என்றால் பஸ்ஸோ வேனோ வரும். அது உள்ளே திரும்புமா, திரும்பாதென்றால் ஆளை இறக்கிவிட்டு எங்கே போய் நிற்கும் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வாசல் இருந்தால் "ரோட்டு ஓரத்தில் விட்டுக்கலாம்" என்று ஒருபோதும் பேச்சில் எழுதாதீர்கள். அது உங்கள் இடம் இல்லை. போக்குவரத்து போலீஸ் வண்டியைப் பூட்டினால் விருந்தினர் உங்களிடம்தான் வருவார். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கமோ மணலிப் பக்கமோ மண்டபம் இருந்தால் கண்டெய்னர் லாரி வரிசையையும் யோசிக்க வேண்டும். வரவேண்டிய வழியைத் திரையில் ஒரு சிறு வரைபடமாகக் காட்டிவிட்டால் போதும்.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு பார்க்கிங் குறைவான மண்டபங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது. மண்டபம் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதையே முதல் வரியாக வையுங்கள். ஆனால் நடந்துபோகும் நேரத்தை நீங்கள் தனியாக வேகமாக நடந்து கணக்கிடக் கூடாது. பட்டுப்புடவை கட்டிய அம்மாவும் பாட்டியும் நடக்கிற வேகத்தில் பாருங்கள். உங்களுக்கு 4 நிமிடம் என்றால் அவர்களுக்கு 7.

அடித்தளத்தில் பார்க்கிங் உள்ளவர்கள் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான். மோட்டார் வைத்து இறைத்தாலும் தண்ணீர் நிற்கிற தளம் என்றால் அந்தக் கார் எண்ணிக்கையை விளம்பரத்தில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

சமையல் விதிகள்

வெளிச் சமையல்காரரை விடுவீர்களா என்பதுதான் முதல் கேள்வி. மூன்று விதமான மண்டபங்கள் இருக்கின்றன. யாரை வேண்டுமானாலும் கூட்டிவரலாம் என்பது ஒன்று. மண்டபத்தின் கேட்டரிங்காரர் மட்டுமே என்பது இன்னொன்று. வெளியாளை விடுவோம், ஆனால் சமையலறைக்குத் தனிக் கட்டணம் என்பது மூன்றாவது. உங்களுடையது மூன்றாவது வகை என்றால் அந்தக் கட்டணம் இருப்பதைப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். தொகையைப் போனில் சொல்லலாம். அட்வான்ஸ் வாங்கிய பிறகு சொன்னால் அதுவரை சேர்த்த நல்ல பேர் போய்விடும்.

இரண்டாவது கேள்வி அசைவம். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் பிரியாணி இல்லாத ரிசப்ஷனும் உண்டு, பிரியாணியே விருந்தாக இருக்கும் நிக்காஹ்வும் உண்டு. "அசைவம் அனுமதி உண்டு" என்ற ஒரு வரி போதாது. உள்ளே சமைக்கலாமா, அல்லது வெளியே சமைத்துக் கொண்டுவந்து பரிமாறத்தான் முடியுமா? இவை இரண்டும் வேறு. விறகு அடுப்பில் தம் போட இடம் இருக்கிறதா என்பது பிரியாணி மாஸ்டர் கேட்கிற முதல் கேள்வி. மேல்மாடியில் சமையலறை இருந்தால் விறகுக்கு வழியில்லை என்று சொல்லிவிட வேண்டும். எந்த இறைச்சிக்குக் கட்டுப்பாடு இருந்தாலும் அதை மழுப்பாமல் போனில் முதலிலேயே சொல்லுங்கள். சைவ முகூர்த்தம் நடத்துகிற வீட்டாருக்கும் பதில் வேண்டும். அசைவப் பாத்திரம் புழங்கிய அடுப்பில்தான் காலை டிபன் செய்ய வேண்டுமா என்று அவர்கள் கேட்பார்கள். தனிச் சமையலறையோ பின்னால் தனிக் கொட்டகையோ இருந்தால் அது இருவருக்கும் ஆறுதல். பேச்சில் அதற்கு ஒரு வரி கொடுங்கள்.

மிச்ச விதிகள் பேச்சுக்கு வேண்டாம், புக்கிங் தாளில் எழுதினால் போதும். இரண்டை மட்டும் தவறாமல் எழுதுங்கள். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதில் அடக்கம். கேட்டரிங்காரர் வெளியூர்க்காரர் என்றாலும் காகித ரோல்தான் விரிக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் மண்டபத்தைத்தான் கேட்பார்கள்.

தேதி: குழப்பம் அதிகம் வரும் இடம்

முகூர்த்தம் ஞாயிறு காலை 6-லிருந்து 7.30 என்றால் மண்டபம் கைக்கு வருவது சனிக்கிழமை மாலை 4 மணிக்கு. காலி செய்வது ஞாயிறு மதியம் 2 மணிக்கு. ஆக ஒரு முகூர்த்தம் என்பது சனி மாலை, ஞாயிறு காலை ஆகிய இரண்டு பாதி நாள். இதை நோட்டில் "ஞாயிறு" என்று ஒருவர் எழுத, "சனி" என்று இன்னொருவர் எழுத, அங்கேதான் ஒரே தேதி இரண்டு பேருக்குப் போகிறது.

நோட்டை நாள் கணக்கில் வைக்காதீர்கள். ஒவ்வொரு தேதிக்கும் காலை, மாலை என்று இரண்டு கட்டம் போடுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலைக் கட்டத்தையும் அந்த நாள் காலைக் கட்டத்தையும் சேர்த்து நிரப்புங்கள்.

ஒரு வாரக் கடைசியை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டார் ஞாயிறு காலை முகூர்த்தம் கேட்கிறார்கள். சனி மாலையும் ஞாயிறு காலையும் நிரம்பின. அடுத்து ராயபுரத்திலிருந்து ஒரு வீட்டார். ஞாயிறு பிற்பகல் சர்ச்சில் திருமணம், மாலை ரிசப்ஷன் மட்டும் வேண்டும். ஞாயிறு மாலைக் கட்டம் காலிதான், கொடுத்துவிடலாம் போலத் தெரியும். ஆனால் திங்கட்கிழமையும் முகூர்த்த நாளா என்று பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். முகூர்த்தம் என்றால், ஞாயிறு மாலையைக் கொடுத்த கணமே திங்கள் காலையும் போய்விட்டது. இரவு 11 மணிக்கு மேல் காலி செய்துகொடுக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். காய் நறுக்குவது இரவிலேயே தொடங்கும், டிபனுக்கு விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். இன்னொரு வீட்டின் விருந்து நடந்த சமையலறையில் அது நடக்காது. ஆகவே மறுநாள் முகூர்த்தம் இருந்தால் மாலை மட்டும் என்ற புக்கிங்கை எத்தனை நாள் முன்புவரை எடுப்பதில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு வரையறை வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் பார்த்துப் போன் வரும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நோட்டைத் திறக்கக் கூடாது:

"சார், ஆவணி ரெண்டாவது ஞாயிறு காலியா?"

"ஞாயிறு காலைல முகூர்த்தமாம்மா, இல்ல ஞாயிறு சாயங்காலம் ரிசப்ஷனா?"

"காலைல முகூர்த்தம் சார். சனிக்கிழமை நைட்டு ரிசப்ஷன்."

"அப்போ சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நீங்க உள்ள வரலாம்மா. ஞாயிறு மதியம் ரெண்டு மணிக்குக் காலி பண்ணணும். எத்தனை பேர் வருவாங்க?"

பதில் கேட்டு, நேரத்தையும் திருப்பிச் சொன்ன பிறகே "காலி" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவேண்டும். அட்வான்ஸ் ரசீதிலும் முகூர்த்தத் தேதி, உள்ளே வரும் தேதி நேரம், காலி செய்யும் தேதி நேரம் மூன்றும் இருக்கட்டும்.

விளம்பரப் பேச்சில் குறிப்பிட்ட தேதி எதையும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் போன வீடியோ ஆறு மாதம் கழித்தும் யாராவது ஒரு சித்தப்பா மூலம் சுற்றிவரும். "வைகாசியில் இன்னும் மூன்று முகூர்த்தம் காலி" என்று குரலில் பதிவு செய்துவிட்டால் அதை அழிக்க முடியாது. மாதங்களுக்கு ஒரு தனிப் படம் செய்து, எந்தத் தேதி நிலவரம் என்று அதிலேயே எழுதி, புக்கிங் ஆகும்போதெல்லாம் மாற்றுங்கள்.

ஆடி, மார்கழியில் இந்துக் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் பலர் வைப்பதில்லை என்பதால் அந்த மாதங்களுக்குத் தனிப் பேச்சு எழுதலாம். ஆடியில் சர்ச் திருமணமும் நிக்காஹ்வும் நடக்கும், அவர்களுக்குப் போய்ச் சேருகிற மாதிரி எழுதுங்கள். தவக்காலத்திலும் ரம்ஜான் நோன்பு மாதத்திலும் அதே ஆட்களை எதிர்பார்க்க முடியாது.

எழுதி முடித்த பேச்சு

"தண்டையார்பேட்டை மெட்ரோல இறங்கி ஏழு நிமிஷம் நடந்தா (மண்டபத்தின் பெயர்). மேல ஏ.சி. ஹால்ல ஐநூறு நாற்காலி. கீழ சாப்பாட்டு ஹால்ல ஒரு பந்திக்கு இருநூறு பேர். ரிசப்ஷனுக்கு எண்ணூறு பேர் வரைக்கும் நெரிசல் இல்லாம சாப்பிட்டுப் போகலாம். உள்ளேயே இருபத்திரண்டு கார், எண்பது பைக் நிறுத்தலாம். பஸ், வேன் வாசல்ல ஆளை இறக்கிட்டு வெளியே போய் நிக்கணும். சமையல்காரர் உங்க விருப்பம், சமையலறைக்குக் கட்டணம் உண்டு. சைவத்துக்குத் தனிச் சமையலறை, பிரியாணிக்கு விறகு அடுப்போட தனிக் கொட்டகை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணியிலேருந்து மறுநாள் மதியம் ரெண்டு மணி வரைக்கும் மண்டபம் உங்களோடது. முகூர்த்தத் தேதியையும் எத்தனை பேர்ங்கிறதையும் திரையில இருக்கிற நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க. அன்னைக்கே பதில் சொல்றோம்."

போன் நம்பரை வாசிக்க வேண்டாம். பத்து இலக்கம் ஆறு ஏழு நொடியைத் தின்றுவிடும், யாரும் எழுதிக்கொள்ளவும் மாட்டார்கள். கடைசி 10 நொடி திரையில் அப்படியே நிற்கட்டும். வாடகையைச் சொல்வதாக இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு இவை வாடகையில் அடங்காதென்றால் திரையில் ஒரு வரி போடுங்கள்.

காலி ஹாலில் நின்று குரல் பதிவு செய்தால் எதிரொலி வந்து எண்கள் எல்லாம் குழம்பும். கதவை மூடிய காருக்குள் உட்கார்ந்து போனிலேயே பதிவு செய்தால் தெளிவாக வரும். படம் எடுக்கும்போது "ஐநூறு நாற்காலி" என்ற இடத்தில் 500 நாற்காலியும் போட்ட ஹாலைக் காட்டுங்கள். பார்க்கிங்கில் ஒரு கார் உள்ளே நுழைந்து திரும்பி நிற்பதைக் காட்டுங்கள். பலரும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள் என்பதால் ஒவ்வொரு எண்ணும் திரையில் பெரிதாக வரட்டும்.

வெளியே விடுவதற்கு முன் மண்டபத்தை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டி, எத்தனை பேர், எத்தனை கார், சமையலுக்கு என்ன விதி, எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று கேளுங்கள். எந்தக் கேள்விக்கு அவர் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திரும்ப எழுதிப் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.